இன்றிரவு யார் காவல்? பேரழிவுக்குப் பிந்தைய கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

'பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்' என்கிறோம். அந்தப் பத்தும் எவை என்று ஔவையாரின் நல்வழி வெண்பா ஒன்று சொல்கிறது: மானம், குலம், கல்வி, வண்மை, அறிவுடைமை, தானம், தவம், உயர்ச்சி, தாளாண்மை, காமம். சக மனிதர் மீது வைக்கும் நம்பிக்கை அந்தப் பட்டியலில் இல்லை. பசி வந்தால் அதுவும் பறந்துவிடுமா, அல்லது அது மட்டும் எங்காவது ஒட்டிக்கொண்டு நிற்குமா? பேரழிவுக்குப் பிறகு பிழைத்திருப்பவர்களைப் பற்றிய கதைகள் திரும்பத் திரும்பத் தொடும் இடம் இதுதான்.

அழிவைப் பற்றிய கதை வேறு, அழிவுக்குப் பிந்தைய கதை வேறு. முதல் வகையில் விண்கல் விழப்போகிறது, யாராவது தடுக்க வேண்டும். இரண்டாம் வகையில் விழ வேண்டியது ஏற்கெனவே விழுந்துவிட்டது. மேரி ஷெல்லி 1826இல் உலகைக் கொள்ளைநோய் காலி செய்வதாக ஒரு நாவல் எழுதினார். பின்பு அணுகுண்டு வந்தது, கிருமி வந்தது, எழுந்து நடக்கும் பிணங்கள் வந்தன, இப்போது வறட்சியும் வெப்பமும் வந்திருக்கின்றன. காரணம் அந்தந்தக் காலத்தின் பயத்துக்கு ஏற்ப மாறுகிறது. அதற்குப் பிறகு நடப்பது பெரிதாக மாறுவதில்லை. தண்ணீர் எங்கே, இன்றிரவு எங்கே படுப்பது, எதிரே வருகிறவர் யார்? ஆகவே, இப்படி ஒரு கதையைப் புதிதாகப் படிக்கிறவர் 'என்ன அழித்தது' என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

ஒழுங்கு குலைவது என்றால் என்ன என்பதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். காலையில் பால் பாக்கெட்டைப் பிரித்துக் காய்ச்சிக் குடிக்கிறோம். அடைத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. பேருந்தில் ஏறி உட்கார்ந்து தூங்கிவிடுகிறோம். ஓட்டுநரின் பெயர்கூடத் தெரியாது. இதை நம்பிக்கை என்று சொன்னாலும், உண்மையில் நாம் நம்புவது அந்த ஆளை இல்லை. நமக்கும் அவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார். சட்டம், உரிமம், போலீஸ், நீதிமன்றம், ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்தவர் அவர். தப்பு செய்தால் அவர் கேட்பார் என்ற தைரியத்தில்தான் முன்பின் தெரியாதவரோடு நாள் முழுக்கக் கொடுக்கல் வாங்கல் செய்கிறோம். பேரழிவுக்குப் பிந்தைய கதை அந்த மூன்றாவது ஆளை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, மற்ற இருவரையும் அதே இடத்தில் நிற்கவிடுகிறது. இனி அவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டுமானால் அந்த நம்பிக்கையைக் கையாலேயே செய்துகொள்ள வேண்டும்.

அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நான் அறிந்தவரை மிக நுணுக்கமாகக் காட்டும் நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993இல் வெளியிட்ட 'பேரபிள் ஆஃப் த சோவர்'. பைபிளில் வரும் விதைக்கிறவன் உவமைதான் தலைப்பு. இதில் குண்டும் இல்லை, கிருமியும் இல்லை. தண்ணீர் பெட்ரோலைவிட விலை கூடிவிட்டது, வேலை கிடையாது, போலீஸ் வந்தால் காசு கேட்கும். எல்லாம் மெல்ல மெல்லச் சரிகிறது. நாவல் முழுவதும் லாரன் ஒலமினா என்ற கறுப்பினப் பெண்ணின் நாட்குறிப்பு. அது தொடங்கும் 2024 ஜூலையில் அவளுக்கு 15 வயது நிறைகிறது. இருப்பது லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே ரொப்லேடோ என்ற கற்பனை ஊரில், சுவர் எழுப்பிப் பூட்டிய ஒரு முட்டுச் சந்தில்.

சுவருக்குள்ளே

அந்தச் சுவர்தான் நாவல் செய்து பார்க்கும் முதல் சோதனை. உள்ளே சில குடும்பங்கள், வெளியே பட்டினியும் தீயும். உள்ளிருப்பவர்கள் ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், சேர்ந்து வழிபடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள், பெரியவர்கள் துப்பாக்கி சுடப் பழகுகிறார்கள். திருட்டு அதிகமானதும் முறைபோட்டு இரவுக் காவல் சுற்றுகிறார்கள். லாரனின் அப்பா பாப்டிஸ்ட் போதகர். அவர்தான் இதற்கெல்லாம் முதுகெலும்பு. பார்க்க நல்ல ஊர்தான். ஆனால் எங்கே ஓட்டை விழுகிறது என்று பட்லர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.

முதல் ஓட்டை ஒரு சாவி. லாரனின் தம்பி கீத் அம்மாவின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். அடிபட்டு, உடுப்பையும் சாவியையும் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிறான். பையன் செய்த சின்னத் தவறுதான். ஆனால் அந்தச் சாவி யார் கையிலோ இருக்கிறது, பூட்டோ எல்லாருடையது. எல்லையில் மட்டும் பாதுகாப்பை வைத்திருக்கும் சமூகம் தன் உறுப்பினர்களிலேயே மிகக் கவனக்குறைவானவரின் அளவுக்குத்தான் பாதுகாப்பானது.

இரண்டாவது ஓட்டை பேச்சு. இந்தச் சுவர் நிற்காது, தப்பி ஓட மூட்டை கட்டி வைக்க வேண்டும், காட்டுச் செடிகளில் எது தின்னத்தக்கது என்று படிக்க வேண்டும் என லாரன் தோழி ஜோவானிடம் சொல்கிறாள். தோழி தன் அம்மாவிடம் சொல்ல, அது பெரிதாகி லாரனின் அப்பாவின் காதுக்கு வருகிறது. அவர் கண்டிக்கிறார். அவள் சொன்னது பொய் என்பதற்காக இல்லை, மக்களைப் பயமுறுத்துவதைவிடக் கற்றுக்கொடுப்பது நல்லது என்பதற்காக. பயமுறுத்திவிட்டு எதுவும் நடக்காமல் போனால் அடுத்த முறை சொல்லும்போது யாரும் கேட்கமாட்டார்கள். ஆபத்தை முன்கூட்டிப் பார்த்தவர் அதைத் தன் ஊருக்கு எப்படிச் சொல்வது என்ற சிக்கலை இவ்வளவு கச்சிதமாக வேறு எங்கும் படித்ததில்லை.

மூன்றாவது, வெளியேறும் ஆசை. பக்கத்துக் கடலோர ஊரான ஒலிவரை ஒரு நிறுவனம் வாங்கிவிடுகிறது. அங்கே போனால் காவல் உண்டு, வேலை உண்டு, ஆனால் கூலி பற்றாது, கடன் ஏறும், பிறகு வெளியேற முடியாது. லாரனின் அப்பா மறுத்துவிடுகிறார், ஜோவானின் குடும்பம் போய்விடுகிறது. மூன்றாவது ஆள் இல்லாத உலகில் 'நான் அந்த வேலையைப் பார்க்கிறேன், விலையை மட்டும் கொடு' என்று யாராவது வந்து நிற்பார்கள். இந்த வகைக் கதைகளில் கொள்ளைக்கூட்டத்தைவிட அஞ்ச வேண்டியவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

2027 ஜூலை முடிவில் ஒரு லாரி வாசற்கதவை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. முகத்தில் சாயம் பூசிய, தீயைப் பார்க்கப் பார்க்கப் போதை ஏற்றும் மருந்துக்கு அடிமையான கூட்டம் வீடுகளைக் கொளுத்துகிறது. அவர்கள் கண்ணுக்கு உள்ளிருந்தவர்கள் பணக்காரர்கள். உள்ளே இருப்பவர்களோ ஓக் மரக் கொட்டையை இடித்து மாவாக்கி ரொட்டி சுடும் நிலையில் இருக்கிறார்கள். சுவரைக் கட்டியபோதே வெளியிலிருப்பவரோடு பேசுவதற்கான வழியும் அடைபட்டுவிட்டது. யார் எவ்வளவு ஏழை என்பது இரு பக்கமும் தெரியாமல் போனது அதனால்தான்.

சாலையில்

மறுநாள் காலை, எரிந்த தெருவில் லாரன் இரண்டு பேரைக் கண்டுபிடிக்கிறாள்: ஹாரி, ஸாரா. மூவரும் வடக்கே நடக்கத் தொடங்குகிறார்கள். இங்கிருந்துதான் நாவல் நம்பிக்கையின் செய்முறைப் பாடமாகிறது.

லாரன் முடியை வெட்டிக்கொண்டு ஆண் உடை போடுகிறாள். அவளும் ஸாராவும் கறுப்பின ஜோடி, வெள்ளைக்காரனான ஹாரி அவர்களின் நண்பன் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. சாலையில் அந்நியர் முதலில் படிப்பது இதைத்தான்: எத்தனை பேர், யாரோடு யார், தாக்கினால் திருப்பி அடிப்பார்களா. பெரிய பேச்சு எதுவும் இல்லாமல், எவரையும் தொடாமல், எவரும் தொடாமல் கடந்துபோவதே முதல் கட்ட நம்பிக்கை.

அடுத்தது இரவுக் காவல். மூன்று பேர் தூங்க வேண்டும், ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். இதை நம் வீட்டு அளவில் எண்ணிப் பாருங்கள். உங்கள் துப்பாக்கி, உங்கள் தண்ணீர், உங்கள் கழுத்து, எல்லாவற்றையும் இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும். யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, காலையில் விழித்தால் அவர் நம்பத்தக்கவர். அது ஒவ்வோர் இரவும் நடப்பதால் கணக்கு மெல்ல மெல்ல ஏறுகிறது. ஓர் இரவு ஹாரியும் ஸாராவும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டதில் காவலை மறந்துவிடுகிறார்கள். லாரன் படுத்தபடியே அவர்களுக்காகக் காவல் இருக்கிறாள், பிறகு கண்டிக்கிறாள். காவல் தவறுவதற்குத் துரோகம் தேவையில்லை, களைப்பும் காதலும் போதும் என்பது நல்ல ஆசிரியருக்குத் தெரியும். முதிராத கதைகளில் காவலாளி எப்போதும் காசுக்கு விலைபோனவனாகவே இருப்பான்.

மூன்றாவது கட்டம் ரகசியம். லாரனுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு உண்டு. அவள் வயிற்றில் இருந்தபோது தாய் எடுத்த ஒரு மருந்தால் வந்தது. எதிரே இருப்பவர் வலியில் துடிப்பதைக் கண்டால் அந்த வலியை அவள் உடம்பும் உணரும். தெரிந்துகொண்ட எதிரி, அவள் கண்முன்னே யாரையாவது காயப்படுத்தினாலே போதும், அவளை விழவைக்கலாம். ஓர் இரவு, தாக்க வந்தவனின் வலி தன்னைச் செயலிழக்கச் செய்வதால், அடிபட்டுக் கிடக்கும் அவனை அவள் கொன்றுவிடுகிறாள். அதைப் பார்த்த ஹாரி ஆடிப்போகிறான். பிறகுதான் அவள் தன் கோளாறைச் சொல்கிறாள். சிறுவயதிலிருந்து பழகியவள் இதை மறைத்துவைத்திருந்தாளே என்பதில் அவனுக்கு அவள் மேலிருந்த நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. சொன்னதால் ஒரு கதவு திறக்கிறது, இத்தனை நாள் சொல்லாததால் ஒரு கதவு மூடுகிறது. இரண்டும் ஒரே உரையாடலில் நடக்கின்றன.

இந்த மூன்று கட்டங்களையும் பார்த்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் இழக்க ஒன்றும் இல்லாத சின்ன விஷயம், அடுத்து ஓர் இரவுத் தூக்கம், கடைசியில் தன்னை வீழ்த்தக்கூடிய ஒரு தகவல். படி ஏறும்போது பந்தயமும் ஏறுகிறது. படியைத் தாண்டிக் குதிக்கும் கதை, அதாவது முதல் சந்திப்பிலேயே கைகோத்துக்கொள்ளும் கதை, நமக்கு ஏன் ஒட்டாமல் போகிறது என்பதற்குக் காரணம் இதுவே.

ஆள் சேரும்போது

வழியில் டிராவிஸ், நாட்டிவிடாட் என்ற கணவன் மனைவியும் அவர்களின் கைக்குழந்தையும் வருகிறார்கள். காட்டு நாய்கள் குழந்தை இருக்கும் பக்கம் நெருங்கும்போது லாரன் சுட்டு அவற்றைத் தடுக்கிறாள். நன்றி சொல்லும்போதும் டிராவிஸின் சந்தேகம் போகவில்லை. ஏன் உதவினாய், உனக்கு என்ன வேண்டும் என்பதே அவன் முகத்தில் நிற்கும் கேள்வி. அது நியாயமான கேள்வி. காரணம் சொல்லாத உதவி அந்த உலகில் தூண்டில் முள்ளாகவும் இருக்கலாம். அவர்கள் உடனே சேர்ந்துவிடுவதில்லை, கொஞ்சம் இடைவெளி விட்டு அருகே நடக்கிறார்கள், பிறகு ஒரே நெருப்பைச் சுற்றி உட்காருகிறார்கள். அந்த இடைவெளி குறைவதைப் பட்லர் அவசரப்படுத்துவதில்லை.

அடுத்து 57 வயது மருத்துவர் பாங்கோல் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். இடிந்த வீட்டின் அடியில் சிக்கிய அக்கா தங்கையை எல்லாருமாக வெளியே இழுக்கிறார்கள். தாயை இழந்த ஒரு சின்னப் பையன் வந்து சேர்கிறான். ஆள் கூடக்கூடக் காவல் முறை எளிதாகிறது, ஆனால் சோறு பங்கு சிறியதாகிறது, இன்னும் ஒருவரைச் சேர்க்கலாமா என்ற வாக்குவாதம் நீள்கிறது. சமூகம் என்பது பாசத்தில் மட்டும் கட்டிய வீடில்லை, கூட்டல் கழித்தலும் அதில் உண்டு என்று நாவல் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறது.

நான் அதிகம் விரும்பும் இடம் ஒன்று இங்கே வருகிறது. ஒரு மழை இரவுக்குப் பிறகு காலையில் எழுந்து பார்த்தால், இவர்களுக்கு நடுவிலேயே முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் அவள் மகளும் நனைந்துபோய்த் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். காவலில் இருந்தவர் பார்க்கவில்லை. பெண்ணின் பெயர் எமெரி, மகள் டோரி. விவசாய நிறுவனத்தின் கடனில் அடிமையாகி, கணவனைப் பறிகொடுத்து, கடனுக்காக மகன்களையும் இழந்து தப்பி வந்தவர்கள். காவல் தோற்றுப்போன அந்த இரவில் உள்ளே வந்தது கொள்ளைக்காரர்களாக இருந்திருந்தால் எல்லாரும் செத்திருப்பார்கள். வந்தது அடைக்கலம் தேடியவர்கள். அதே ஓட்டைதான், சுவருக்குள்ளே கீத் விட்ட அதே ஓட்டை. இம்முறை அதன் வழியாக இரண்டு உறுப்பினர்கள் கிடைக்கிறார்கள். துரத்துவதா, வைத்துக்கொள்வதா என்று இவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு வழி இருப்பதுதான் சுவருக்குள் இல்லாதது.

மறுபடி சந்திப்போமா?

நம்பிக்கை இப்படிப் படிப்படியாக ஏறுவதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை, ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவைப் பொறுத்திருக்கும்போது எது லாபம் என்று கணக்கிடும் விளையாட்டுக் கோட்பாடு தெளிவாகச் சொல்கிறது. இரண்டு பேர், ஒரே ஒரு சந்திப்பு, ஏமாற்றினால் லாபம் என்றால் ஏமாற்றுவதே கணக்குக்குச் சரி. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட் இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும் கணினி நிரல்களுக்குப் போட்டி வைத்தார். வென்றது மிக எளிய நிரல். முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி கடந்த முறை செய்ததை நீயும் செய். அது செல்லுபடியாக ஒரே நிபந்தனை உண்டு: நாளையும் இவரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரிய வேண்டும். சாலை அந்த நாளையைப் பறித்துவிடுகிறது. எதிரே வருபவர் கடந்துபோய்விடுவார், பிறகு பார்க்கப்போவதில்லை. சேர்ந்து நடப்பது, பங்கிட்டுச் சாப்பிடுவது, முறைபோட்டு விழித்திருப்பது எல்லாம் அந்த நாளையை மறுபடி உண்டாக்கும் வழிகள். ஆளுக்கொரு பெயரும் இடமும் இருக்கும் கிராமத்தில் நம்பிக்கை எளிதாகவும் நெடுஞ்சாலையில் அரிதாகவும் இருப்பதற்கு மனிதரின் குணத்தைக் குறைசொல்ல வேண்டாம், சந்திப்பின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

உண்மையில் மனிதர்கள் அப்படித்தானா? 1963இலிருந்து அமெரிக்காவில் பேரிடர் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. என்ரிக்கோ குவாரன்டெல்லி போன்ற அதன் சமூகவியலாளர்கள் பல பேரிடர்களை ஆராய்ந்து கண்டது, நாம் திரையில் பார்ப்பதற்கு நேர்மாறானது. பீதியில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவது அரிது. முதலில் காப்பாற்றுபவர்கள் அக்கம்பக்கத்தாரே. 1965இல் பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த ஆறு பள்ளிச் சிறுவர்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய் புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். பதினைந்து மாதங்களுக்குப் பிறகு மீட்கப்பட்டபோது அவர்கள் தோட்டம் போட்டிருந்தார்கள், தீயை அணையவிடாமல் காத்திருந்தார்கள், இருவர் இருவராக முறைபோட்டு வேலை செய்திருந்தார்கள். சண்டை வந்தால் இருவரையும் கொஞ்ச நேரம் பிரித்துவைத்து, தணிந்ததும் சேர்த்துவைப்பார்கள். ஒருவனின் முறிந்த காலைக் கட்டி ஆற்றியிருந்தார்கள்.

இதை வைத்துக் கதைகள் எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆறு பேரும் முன்பே நண்பர்கள். வெள்ளமும் பூகம்பமும் சில நாட்களில் முடியும், வெளியே உதவிக்கு ஒரு நாடு நிற்கும். பட்லர் எழுதியது ஆண்டுக்கணக்கில் சரியும் உலகம், அங்கே வெளியே எவரும் இல்லை. ஆனால் இந்த வேறுபாட்டை மறந்து கதையையே நடப்பாக எடுத்துக்கொண்டால் ஆபத்து உண்டு. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் கொலையும் கொள்ளையும் தலைவிரித்தாடுவதாக வதந்தி பரவியது. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் ஆதாரமற்றவை என்று தெரிந்தது. செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் போலீஸார் நிராயுதபாணிகளைச் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், நான்கு பேர் காயமடைந்தார்கள். அதை மூடிமறைக்க முயன்றதையும் அதிகாரிகள் பின்பு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். பயந்தவர் கையில் துப்பாக்கி இருந்தது, அவர் தலைக்குள் ஊர் காட்டுமிராண்டியாகிவிட்டது என்ற கதை இருந்தது.

ஆகவே, இந்த வகையில் அடுத்த கதையைப் படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று பாருங்கள். இரவில் யார் விழித்திருக்கிறார், அதை யார் முடிவு செய்தார்? சோற்று மூட்டை யார் கையில் இருக்கிறது, எல்லாரும் அதை எட்டிப் பார்க்க முடிகிறதா? வாசலில் அந்நியர் வந்து நின்றால் என்ன செய்கிறார்கள், துப்பாக்கியைத் தூக்குவதற்கும் கதவைத் திறப்பதற்கும் நடுவே ஏதாவது படி இருக்கிறதா? நடுப்படி இல்லாத கதையில் ஆசிரியர் மனிதரைப் பற்றி முன்பே முடிவுகட்டிவிட்டார் என்று பொருள். அது நம்பிக்கையான முடிவாக இருந்தாலும் சரி, இருண்ட முடிவாக இருந்தாலும் சரி.

பட்லரின் பயணம் கலிஃபோர்னியாவின் வடக்கே பாங்கோலின் நிலத்தில் நிற்கிறது. அங்கே அவருடைய தங்கையின் குடும்பம் இருக்கும் என்று நினைத்துப் போகிறார்கள். வீடு எரிந்து கிடக்கிறது, எலும்புகள் மட்டும் இருக்கின்றன. அங்கே தங்குவதா, இன்னும் போவதா என்று பதின்மூன்று பேரில் பெரியவர்கள் வாதிடுகிறார்கள். வேலை கிடைக்கும் ஊரைத் தேடிப் போகலாம் என்று நினைத்த ஹாரியும் கடைசியில் தங்குகிறான். இழந்தவர்களை நினைத்து ஒவ்வொருவரும் ஓக் மரம் நடுகிறார்கள். அந்தக் குடியிருப்புக்கு ஓக் கொட்டையின் பெயரையே வைக்கிறார்கள், ஏகார்ன் என்று. 1998இல் வந்த அடுத்த நாவலில் அந்த ஏகார்ன் ஆயுதம் தாங்கிய மதவெறிக் கூட்டத்தால் பிடிக்கப்பட்டு முகாமாக்கப்படுகிறது, உள்ளிருப்பவர்கள் கழுத்தில் மின்பட்டை மாட்டப்பட்டு அடிமைகளாகிறார்கள். உள்ளே ஒருவரை ஒருவர் நம்பியதால் அவர்கள் அந்தத் தாக்குதலிலிருந்து தப்பவில்லை. அதே முகாமில், பேசினால் தண்டனை என்ற நிலையிலும், யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அவர்கள் மறுபடி முதல் படியிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள்.